அந்த 10 மில்லி: ஆஃப்டர்லோட் கூடும்போது இதயம் என்ன செய்கிறது?

பிரீலோட், ஆஃப்டர்லோட், கான்ட்ராக்டிலிட்டி எனப்படும் தசையின் சுருங்கும் வலு, துடிப்பு வேகம். இந்த நான்கும் சேர்ந்துதான் இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவை, அதாவது கார்டியாக் அவுட்புட்டைத் தீர்மானிக்கின்றன என்று பிசியாலஜி வகுப்பில் எழுதிக்கொள்கிறோம். நான்கு அம்புக்குறிகள் ஒரே பெட்டியை நோக்கிப் போகும் அந்தப் படம் எல்லார் நோட்டிலும் இருக்கும். தேர்வுக்கு அது போதும். ஆனால் மூச்சுத் திணறலோடு வந்த ஒருவரின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் படம் கைகொடுப்பதில்லை. ஒன்று மாறினால் மற்றவை அப்படியே இருக்கும் என்று அது நம்ப வைக்கிறது. உண்மையில் ஆஃப்டர்லோட் ஒரு துடிப்பில் கூடினால் அடுத்த துடிப்பிலேயே பிரீலோட் மாறிவிடுகிறது. அதற்கடுத்த துடிப்பில் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பில் வெளியேறும் அளவை, அதாவது ஸ்ட்ரோக் வால்யூமை மாற்றுகின்றன.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான்: ஆஃப்டர்லோடைத் திடீரென்று ஏற்றிவிட்டு, ஒவ்வொரு துடிப்பாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். பிரீலோட் என்பது சுருங்கத் தொடங்குவதற்குச் சற்று முன் இதயத் தசைநார் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது. அந்த இழுவையை நேரடியாக அளக்க முடியாது. அதனால் ரத்தத்தை வெளியே தள்ளும் கீழ் அறையான வென்ட்ரிக்கிள் நிரம்பி முடிக்கும்போது அதில் இருக்கும் ரத்தத்தின் அளவை, அதாவது எண்ட் டயஸ்டாலிக் வால்யூமை, அதன் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். அதையும் அளக்க முடியாதபோது அந்த நேரத்து அழுத்தத்தைப் பார்க்கிறோம். அளவுக்குப் பதிலாக அழுத்தத்தைப் பார்ப்பது எவ்வளவு பெரிய தாவல் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஆஃப்டர்லோட் என்பது ரத்தத்தை வெளியே தள்ளும் நேரத்தில் வென்ட்ரிக்கிள் சுவரின் மேல் விழும் பாரம். ரத்த அழுத்தம் அதன் ஒரு பகுதிதான். லாப்லாஸ் விதிப்படி சுவரின் இறுக்கம் உள்ளே இருக்கும் அழுத்தத்தோடும் அறையின் ஆரத்தோடும் சேர்ந்து கூடும். சுவர் தடிமனாக இருந்தால் குறையும். இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அறை அதிகமாக நிரம்பினால் ஆரம் கூடுகிறது. ஆரம் கூடினால் அதே ரத்த அழுத்தத்திலும் சுவரின் பாரம் கூடுகிறது. ஆகவே பிரீலோடை ஏற்றினாலே ஆஃப்டர்லோடும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. நான்கு அம்புக்குறிப் படத்தில் இதற்கு இடமே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஆரோக்கியமான ஓர் இடது வென்ட்ரிக்கிள். நிரம்பி முடிக்கும்போது 120 மில்லி, சுருங்கி முடித்ததும் மிச்சம் 50 மில்லி. ஸ்ட்ரோக் வால்யூம் 70. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கார்டியாக் அவுட்புட் 4.9 லிட்டர். உள்ளே இருந்ததில் சுமார் 58 சதவீதம் வெளியே போகிறது. அதுதான் எஜெக்ஷன் ஃபிராக்ஷன்.

இந்த 58 எங்கிருந்து வருகிறது? வென்ட்ரிக்கிளின் வலுவுக்கும் தமனிகள் கொடுக்கும் எதிர்ப்புக்கும் நடக்கும் இழுபறியிலிருந்து. வலுவை Ees என்றும் எதிர்ப்பை Ea என்றும், ஸ்ட்ரோக் வால்யூமை SV என்றும் எண்ட் டயஸ்டாலிக் வால்யூமை EDV என்றும் எழுதினால், எளிமைப்படுத்திய கணக்கில்

SV = EDV × Ees / (Ees + Ea)

ஆரோக்கியமான இந்த இதயத்துக்கு Ees மதிப்பு 2 என்றும் Ea மதிப்பு 1.43 என்றும் வைத்தால் 58 சதவீதம் வந்துவிடும். சுருங்கி முடிக்கும் நேரத்து அழுத்தம் Ees × மிச்சம், அதாவது 2 × 50 = 100 மி.மீ. பாதரசம். மறக்கக்கூடாத ஒன்று: வலுவும் எதிர்ப்பும் மாறாத வரை வெளியேறும் பங்கும் மாறாது. உள்ளே 10 மில்லி கூடுதலாக வந்தால் அதில் சுமார் 6 மில்லி வெளியே போகும்.

இப்போது தமனிகள் திடீரென்று சுருங்குகின்றன. Ea மதிப்பு 2 ஆகிறது. அதாவது எதிர்ப்பு 40 சதவீதம் கூடுகிறது. வலு அதேதான். ஆக வெளியேறும் பங்கு 58லிருந்து 50 சதவீதத்துக்கு இறங்குகிறது.

முதல் துடிப்பு. உள்ளே 120 இருந்தது, அதில் பாதி, 60 மில்லி வெளியே போகிறது. 10 மில்லி குறைந்துவிட்டது. மிச்சம் 60.

இந்த இடத்தில் நிறையப் பேர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். "ஆஃப்டர்லோட் கூடினால் ஸ்ட்ரோக் வால்யூம் குறையும்" என்று எழுதி, கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் வலது வென்ட்ரிக்கிளுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. அது வழக்கம்போல 70 மில்லியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் இருந்து இடது பக்கத்துக்கு அதே 70 வந்து சேர்கிறது. அப்படியென்றால் இரண்டாம் துடிப்புக்கு முன் இடது வென்ட்ரிக்கிளில் மிச்சமிருந்த 60ம் புதிதாக வந்த 70ம் சேர்ந்து 130 மில்லி இருக்கும்.

130ல் பாதி 65. மிச்சம் 65, புது வரவு 70, ஆக 135. அதில் பாதி 67.5. அப்புறம் 137.5, அதில் பாதி 68.75. இப்படியே போனால் ஐந்தாவது துடிப்பில் குறை 1 மில்லிக்கும் கீழே வந்துவிடும். முடிவில் வென்ட்ரிக்கிள் 140 மில்லியில் நின்று, 70 மில்லியைத் தள்ளும். அவுட்புட் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

இதுதான் ஃபிராங்க்-ஸ்டார்லிங். நரம்பு எதுவும் சொல்லவில்லை, ஹார்மோன் எதுவும் வரவில்லை. முந்தைய துடிப்பில் வெளியேறாமல் தங்கிய ரத்தமே அடுத்த துடிப்பில் தசைநாரை இன்னும் இழுத்தது. இழுபட்ட தசை இன்னும் பலமாகச் சுருங்கியது. ஆனால் திரும்பி வந்தது பழைய நிலை இல்லை. வென்ட்ரிக்கிள் 20 மில்லி பெரிதாகிவிட்டது, சுருங்கி முடிக்கும் நேரத்து அழுத்தம் 100லிருந்து 140 ஆகிவிட்டது. முதல் துடிப்பில் 10, அடுத்ததில் 5, அப்புறம் 2.5 என்று வெளியே போகாமல் விட்டுப்போனவற்றைக் கூட்டிப் பாருங்கள். அதே 20 வரும். குறைந்த ரத்தமெல்லாம் பிரீலோடாகச் சேர்ந்துவிட்டது.

இந்தச் சோதனையை ஏறக்குறைய இதே வடிவத்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் செய்துவிட்டார். நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் உடலின் மற்ற சுற்றோட்டத்திலிருந்து பிரித்து, உள்ளே வரும் ரத்தத்தை ஒரு தொட்டியாலும் தமனிப் பக்க எதிர்ப்பைச் செயற்கையான ஒரு குழாயாலும் கட்டுப்படுத்தினார். வரவை மாற்றாமல் எதிர்ப்பை மட்டும் ஏற்றியபோது வென்ட்ரிக்கிள்கள் முதலில் வீங்கின. அதன் பிறகு வெளியேற்றம் பழைய அளவுக்கே வந்து நின்றது. பேட்டர்சன், பைப்பர் இருவரோடும் சேர்ந்து 1914ல் வெளியிட்ட ஆய்வில் இது இருக்கிறது. அதற்கும் முன்னால் 1895ல் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்தில், வென்ட்ரிக்கிளை அதிகம் நிரப்பினால் அது எழுப்பும் அழுத்தமும் அதிகமாகும் என்று காட்டியிருந்தார். அதனால்தான் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

தசைக்குள் என்ன நடக்கிறது? ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதுதான் காரணம் என்று பாடத்தில் படிக்கிறோம். அது பாதிக் கதைதான். இதயத் தசையில் சுருங்கும் சிறு அலகான சார்கோமியரின் நீளம் சுமார் 1.8லிருந்து 2.2 மைக்ரோமீட்டருக்குள் மாறும்போது விசை கூடும் வேகத்தை அந்தப் பொருத்தம் மட்டும் விளக்காது. நீளம் கூடும்போது அதே அளவு கால்சியத்துக்கே தசை அதிகமாகப் பதில் தருகிறது. டைட்டின் என்னும் பெரிய புரதம் இழுபட்டு இதில் பங்கெடுக்கிறது. அதே டைட்டின்தான் தசை 2.2க்கு மேல் எளிதில் இழுபடாமல் தடுக்கவும் செய்கிறது. ஆகவே உயிருள்ள இதயத்தில் "அளவுக்கு மீறி இழுபட்டதால் விசை குறைந்தது" என்ற நிலை வழக்கமாக வருவதில்லை. ஸ்டார்லிங் வளைவின் கடைசியில் கீழ்நோக்கி இறங்கும் பகுதியை வரைந்து, இதயச் செயலிழப்பு நோயாளி அங்கே இருக்கிறார் என்று குறிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அவர் இருப்பது தட்டையான இடத்தில்.

அந்தத் தட்டை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க, அதே கணக்கைப் பலவீனமான இதயத்தில் போடுவோம். இங்கே Ees மதிப்பு 0.6 மட்டுமே. வென்ட்ரிக்கிள் பெரிதாகி 200 மில்லி நிரம்புகிறது. Ea மதிப்பு 1.8. வெளியேறும் பங்கு 25 சதவீதம், ஆக ஸ்ட்ரோக் வால்யூம் 50 மில்லி, மிச்சம் 150. துடிப்பு 90 என்றால் அவுட்புட் 4.5 லிட்டர். இந்த ஆள் வீட்டுக்குள் நடமாடுகிறார், படிக்கட்டில் ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். மற்றபடி சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

ஓர் இரவு ஏதோ காரணத்தால் அவருடைய தமனிகள் சுருங்குகின்றன. மாத்திரை விட்டுப்போயிருக்கலாம், வலியாக இருக்கலாம். Ea மதிப்பு 2.4 ஆகிறது. வெளியேறும் பங்கு 25லிருந்து 20 சதவீதம்.

முதல் துடிப்பு: 200ல் 20 சதவீதம், 40 மில்லி. இங்கேயும் குறைந்தது அதே 10 மில்லிதான். ஆரோக்கியமான இதயத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாம் துடிப்பு: மிச்சம் 160, வரவு 50, ஆக 210. அதில் 20 சதவீதம் 42. மூன்றாவது: 168ம் 50ம் 218, வெளியே போவது 43.6. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் ஊர்கிறது. குறை 1 மில்லிக்குக் கீழே வர 12 துடிப்பு ஆகும். எல்லாம் முடிந்து 50 மில்லிக்குத் திரும்ப வேண்டுமானால் வென்ட்ரிக்கிள் 250 மில்லிக்கு நிரம்ப வேண்டும்.

அதே 10 மில்லியை மீட்க ஆரோக்கியமான இதயத்துக்கு 20 மில்லி கூடுதல் நிரப்பம் போதுமாயிருந்தது. இதற்கு 50 தேவைப்படுகிறது.

இப்போது அழுத்தத்துக்கும் அளவுக்கும் இடையில் இருக்கும் தாவலுக்கு வருகிறேன். என் கணக்கில் படுக்கை அச்சில் இருப்பது அளவு, அதனால் கோடு நேராகவே போகிறது. பலவீனமான இதயத்தில் சாய்வு குறைவு, அவ்வளவுதான். பாடப்புத்தகத்து ஸ்டார்லிங் வளைவில் பெரும்பாலும் படுக்கை அச்சில் இருப்பது எண்ட் டயஸ்டாலிக் அழுத்தம், அல்லது மேல் அறையான வலது ஏட்ரியத்தின் அழுத்தம். வென்ட்ரிக்கிள் நிரம்ப நிரம்ப விறைக்கிறது. 120 மில்லியிலிருந்து 140க்குப் போகும்போது அழுத்தம் சிறிதளவே ஏறும். ஏற்கெனவே பெரிதாகி, இதயத்தின் வெளியுறையான பெரிகார்டியத்தை முட்டிக்கொண்டிருக்கும் வென்ட்ரிக்கிளில் அதே அளவு ரத்தம் சேர்ந்தால் அழுத்தம் செங்குத்தாக ஏறும். வளைவு தட்டையாகத் தெரிவதற்கு இதில்தான் பெரும் பங்கு இருக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, ஆனால் அந்த ஏற்றத்துக்கு ஏற்ப அளவு கூடவில்லை. அளவு கூடாததால் தசைநார் இழுபடவில்லை.

நம் நோயாளிக்கு வருவோம். 50 மில்லி கூடுதலாக நிரம்பும் வரை அவருடைய நுரையீரல் காத்திருக்காது. இடது வென்ட்ரிக்கிளின் டயஸ்டாலிக் அழுத்தம் இடது ஏட்ரியத்துக்கும், அங்கிருந்து நுரையீரலின் நுண்நாளங்களுக்கும் பின்னோக்கிப் போகிறது. பிளாஸ்மா புரதங்கள் நீரை உள்ளே இழுத்து வைத்திருக்கும் அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம். அதைத் திடீரென்று தாண்டினால் நீர் நுரையீரல் திசுவுக்குள் கசியும். நீண்டகால நோயாளிகளில் நிணநீர் நாளங்கள் பழகியிருப்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் திடீர் ஏற்றத்துக்கு அந்தப் பழக்கம் போதாது. மூச்சு முட்டுகிறது. பயம் வருகிறது, ஆக்சிஜன் குறைகிறது, சிம்பதெடிக் நரம்புகள் முழு வேகத்தில் இறங்குகின்றன. அவை தமனிகளை இன்னும் சுருக்குகின்றன, அதாவது ஆஃப்டர்லோட். சிரைகளையும் சுருக்கி ரத்தத்தை மார்புக்குள் தள்ளுகின்றன, அதாவது பிரீலோட். ஆரோக்கியமான இதயத்தில் ஐந்து துடிப்பில் சரியாகிற விஷயம் இங்கே சுழலாக மாறுகிறது.

கவனியுங்கள், இந்தக் கதையில் உடலுக்குள் புதிதாக ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. இருந்த ரத்தம் இடம் மாறியிருக்கிறது. திடீர் நுரையீரல் நீர்க்கோப்பில் வருகிறவர்கள் சிலருக்குக் கால் வீக்கமும் இல்லை, எடையும் ஏறவில்லை என்பதைப் பார்த்து மாணவர்கள் குழம்புவதுண்டு. குழப்பமே வேண்டாம், இதுதான் காரணம்.

ரத்த அழுத்தம் என்ன சொல்கிறது? முதல் துடிப்பில், Ea மூன்றில் ஒரு பங்கு கூடியபோது, சுருங்கி முடிக்கும் நேரத்து அழுத்தம் 90லிருந்து 96 ஆகத்தான் போனது. பலவீனமான இதயத்தால் எதிர்ப்புக்கு ஈடாக அழுத்தத்தை எழுப்ப முடியவில்லை. பதிலாக வெளியேற்றத்தைக் குறைத்துக்கொண்டது. அதனால் கருவியில் தெரியும் எண்ணை வைத்து "ஆஃப்டர்லோட் பெரிதாக இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. நேர் எதிராக, சிம்பதெடிக் வேகத்தில் 180, 200 என்று அழுத்தம் ஏறி வருகிறவரைப் பார்த்து "இதயம் பலமாகத்தான் அடிக்கிறது" என்று சொல்வதும் தவறு. என் கணக்கில் வலு மாறாது என்று வைத்தேன். நிஜத்தில் அட்ரினலின் அதைக் கொஞ்சம் ஏற்றும், துடிப்பு வேகத்தையும் ஏற்றும். ஆஃப்டர்லோட் கூடிய சில நிமிடங்களில் தசை தானாகவே சற்று வலுவாவதும் உண்டு. அன்ரெப் விளைவு என்று அதைச் சொல்வார்கள். எண்கள் மாறும், திசை மாறாது.

இப்போது சிகிச்சை. அவர் 230 மில்லியில் நிற்கிறார், Ea 2.4, வெளியே போவது 46 மில்லி, அழுத்தம் 110 என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

சலைன் கொடுத்து இன்னும் 10 மில்லி நிரப்பினால் 2 மில்லி கூடுதலாக வெளியே வரும். மிச்சம் 8 மில்லி செங்குத்தான பகுதியில் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றி நுரையீரலுக்குப் போகும். யாரும் இங்கே சலைன் கொடுக்கப் போவதில்லைதான். ஆனால் கை கால் சில்லிட்டு, அவுட்புட் குறைந்த அடையாளங்களோடு இதே இதயம் வந்தால் கை சலைன் பாட்டிலை நோக்கிப் போகும். அப்போது இந்த 2ம் 8ம் நினைவுக்கு வர வேண்டும்.

சிறுநீர் பிரிய மருந்து மட்டும் கொடுத்தால் பிரீலோட் குறையும், ஆனால் சிறுநீர் வெளியேறி ரத்த அளவு இறங்க நேரம் பிடிக்கும். சுழலைத் தொடங்கி வைத்த ஆஃப்டர்லோட் அப்படியே இருக்கும்.

ரத்த நாளங்களை விரிக்கும் நைட்ரோகிளிசரினைச் சிரை வழியே போதுமான அளவில் கொடுத்து Ea மதிப்பைப் பழைய 1.8க்கு இறக்கினால்? வெளியேறும் பங்கு 25 சதவீதத்துக்குத் திரும்புகிறது. அடுத்த துடிப்பில் 230ல் 57.5 மில்லி வெளியே போகிறது. அழுத்தம் 110லிருந்து 103.5. எதிர்ப்பை நான்கில் ஒரு பங்கு குறைத்தும் அழுத்தம் 6 சதவீதம்தான் இறங்கியது, ஸ்ட்ரோக் வால்யூம் 25 சதவீதம் ஏறியது. ஆரோக்கியமான இதயத்தில் இதே வேலையைச் செய்தால் கணக்கு தலைகீழ்: அழுத்தம் 100லிருந்து 84க்கு விழும், ஸ்ட்ரோக் வால்யூம் 70லிருந்து 78க்குத்தான் போகும். ஆஃப்டர்லோடைக் குறைப்பது பலவீனமான இதயத்துக்குத்தான் அதிக லாபம்.

இதுவும் ஒரு துடிப்போடு நிற்பதில்லை. வரவு 50, போவது 57.5, ஆக அடுத்த நிரப்பம் 222.5. அதற்கடுத்தது இன்னும் குறைவு. ஆஃப்டர்லோடை இறக்கியதால் பிரீலோட் தானாக இறங்குகிறது, நுரையீரல் காலியாகிறது, ஆரம் குறைவதால் சுவரின் பாரம் மேலும் குறைகிறது. நைட்ரேட் சிரைகளையும் விரிப்பதால் அந்தப் பக்கமிருந்தும் உதவி. முகமூடி வழியாகத் தொடர் அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும் சிபேப்பும் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றுவதால் உள்ளே வரும் ரத்தம் குறைகிறது, வென்ட்ரிக்கிளை வெளியிலிருந்து அழுத்துவதால் சுவர் தாங்க வேண்டிய பாரமும் குறைகிறது.

வலது, இடது பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிராங்க்-ஸ்டார்லிங் எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால், உடற்பயிற்சியையோ ரத்த இழப்பையோ சொல்வதற்கு முன் நான் இதைச் சொல்வேன்: இரண்டு வென்ட்ரிக்கிள்களையும் ஒரே கணக்கில் வைத்திருப்பதற்கு. வலது பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் 1 மில்லி கூடுதலாக அனுப்பினால், 70 துடிப்பில் நிமிடத்துக்கு 70 மில்லி, 10 நிமிடத்தில் 700 மில்லி நுரையீரலில் சேர்ந்துவிடும். நுரையீரல் நாளங்களில் வழக்கமாக இருக்கும் மொத்த ரத்தமே சுமார் அரை லிட்டர்தான். நரம்புகளால் அவ்வளவு துல்லியமாகச் சரிபார்க்க முடியாது. மிச்சமான 1 மில்லி அடுத்த துடிப்பில் இழுவையாக மாறுவதால்தான் கணக்கு சரியாகிறது.

இதே காரணத்தால் நைட்ரோகிளிசரின் ஆபத்தாகும் இடமும் இருக்கிறது. வலது வென்ட்ரிக்கிளில் மாரடைப்பு வந்தவருக்கு இடது பக்கம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு வர வேண்டிய ரத்தம் வரவில்லை. பலவீனமான வலது பக்கம் உயர்ந்த நிரப்பு அழுத்தத்தை நம்பித்தான் ஏதோ கொஞ்சத்தை நுரையீரலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சிரைகளை விரித்தால் வலது பக்கப் பிரீலோட் விழும், இடது பக்க வரவு விழும், ரத்த அழுத்தம் கண்முன்னே சரியும். அதனால்தான் இ.சி.ஜி.யில் கீழ்ச்சுவர் மாரடைப்பு தெரிந்தால் நைட்ரேட்டைக் கையில் எடுப்பதற்கு முன் வலது பக்க லீடுகளையும் பார்க்கச் சொல்கிறார்கள். கழுத்துச் சிரை புடைத்திருந்து, நுரையீரலில் கரகரப்பு இல்லாமல், அழுத்தமும் குறைவாக இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். தவறிக் கொடுத்துவிட்டு அழுத்தம் விழுந்தால் மருந்தை நிறுத்தி, காலை உயர்த்திப் பார்ப்பார்கள். கால்களிலிருந்து சுமார் 300 மில்லி மார்புப் பக்கம் வரும். அது எந்த அளவுக்கு வெளியேற்றமாக மாறுகிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்து திரவம் கொடுப்பதா, இதயத்துக்கு வலு தரும் மருந்துக்குப் போவதா என்று முடிவெடுப்பார்கள்.